மின்கார் வாங்குமுன் புரோஷரின் கடைசிப் பக்கத்தைப் படிக்கும் முறை

மின்கார் புரோஷரின் முன்பக்கத்தில் மூன்று விஷயங்கள் பெரிய எழுத்தில் இருக்கும். விலை, ஒரு சார்ஜில் ஓடும் தூரம், வாரண்டி. மூன்றின் தலையிலும் சின்னதாக ஒரு நட்சத்திரமோ சிலுவைக் குறியோ ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குறிக்கு உரிய விளக்கம் கடைசிப் பக்கத்தின் அடியில், வெள்ளைத் தாளில் சாம்பல் நிற எழுத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்கிற அளவில் கிடக்கும். அங்கே இருப்பது பொய் இல்லை. ஆனால் முன்பக்க எண்ணை உங்கள் வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவரத் தேவையான எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

முதல் முறையாகப் புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்காக, குறிப்பாகப் பினாங்கிலும் செபராங் பிறையிலும் இருந்துகொண்டு ஜூரு ஆட்டோ சிட்டியில் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்கும் பக்கத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எந்தக் குறிப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஷோரூமில் நல்ல பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு புரோஷரை வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள மின்கார், 60 யூனிட் பேட்டரி, அதாவது 60 கிலோவாட் மணி. முன்பக்கத்தில் "98,800 வெள்ளி முதல்", "மாதம் 884 வெள்ளி முதல்", "480 கிலோமீட்டர்", "8 ஆண்டு பேட்டரி வாரண்டி" என்று போட்டிருக்கிறது. விலையும் தவணையும் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் கையில் உள்ள புரோஷரில் எண் மாறும். கணக்குப் போடும் வழி மாறாது.

முதலில் குறிகளை இணையுங்கள்

கடைசிப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கத்தில் எங்கெல்லாம் குறி இருக்கிறதோ அதற்கு உரிய குறிப்பைத் தேடி, பேனாவால் பக்கத்திலேயே எழுதுங்கள். சில குறிகளுக்குக் குறிப்பே இருக்காது. சிலவற்றுக்கு "தெர்மா டான் ஷாராட்" பொருந்தும் என்ற ஒரே வரிதான் இருக்கும். அந்த விதிமுறை எந்தத் தாளில் இருக்கிறது என்று கேட்டு, அந்தத் தாளையும் வாங்குங்கள். "அதெல்லாம் ஸ்டாண்டர்ட்தாண்ணே" என்று தம்பி சொன்னால், "பரவாயில்லை தம்பி, ஸ்டாண்டர்டையே குடுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். அந்தத் தாள் கைக்கு வரும்வரை புக்கிங் பணம் கட்ட வேண்டாம்.

விலை: 98,800 யாருக்கு?

விலைக்குக் கீழே உள்ள குறிப்பில் வழக்கமாக நான்கு விஷயங்கள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கும். இது அடிப்படை ரகத்தின் விலை. தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் பதியும் காருக்கு மட்டும். காப்புறுதி சேர்க்கப்படவில்லை. ரிபேட் கழித்த பிறகு வரும் தொகை.

படத்தில் பளபளவென்று நிற்கும் கார் பெரும்பாலும் உயர்ந்த ரகம். "படம் விளக்கத்திற்கு மட்டும்" என்று அடியில் ஒரு வரி இருக்கும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், முத்து நிறப் பெயிண்ட் இவற்றில் எது அடிப்படை ரகத்தில் உண்டு, எதற்குத் தனிக் காசு என்று ஒன்றொன்றாகக் கேளுங்கள்.

ரிபேட்தான் அதிகம் ஏமாற்றம் தருகிறது. 98,800 என்பது 4,000 வெள்ளி ரிபேட் போக வந்த எண் என்றால், அந்த 4,000 யாருக்குக் கிடைக்கும்? பழைய காரைக் கொடுத்து மாற்றுகிறவருக்கா, குறிப்பிட்ட வங்கியில் கடன் எடுப்பவருக்கா, மாதக் கடைசிக்குள் பதிவு முடிக்கிறவருக்கா? முதல் கார் வாங்குகிறவரிடம் மாற்றிக் கொடுக்கப் பழைய கார் இருக்காது. அவருக்கு விலை 102,800. வருடக் கடைசியில் ரிபேட் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். குறிப்பில் உற்பத்தி ஆண்டு முடியப்போகிற இந்த வருடம் என்று இருக்கலாம். அடுத்த மாதமே பழைய வருடக் கார் ஆகிவிடும் வண்டிக்குத்தான் அந்தத் தள்ளுபடி. பிறகு விற்கும்போது அந்த வித்தியாசத்தை நீங்கள் சுமக்க வேண்டியிருக்கும்.

காப்புறுதியில் இன்னொரு கண்ணி உண்டு. விற்பனையாளர் உத்தேசமாக ஒரு தொகை எழுதித் தருவார். அது எத்தனை சதவீத என்சிடி வைத்துப் போட்டது என்று கேளுங்கள். விபத்துக் கோரிக்கை இல்லாமல் ஆண்டுகள் போகப் போக ஏறும் அந்தக் கழிவு உச்சத்தில் 55 சதவீதம். முதல் கார் வாங்குகிறவருக்குப் பூஜ்யம். அடிப்படைச் சந்தா 3,200 வெள்ளி என்று வைத்தால், 55 சதவீதம் கழித்து 1,440. அதோடு 8 சதவீதச் சேவை வரியும் 10 வெள்ளி முத்திரைக் கட்டணமும் சேர்ந்து சுமார் 1,565 வெள்ளி. உங்களுக்கு அதே காப்புறுதி 3,466 வெள்ளி. கிட்டத்தட்ட 1,900 வெள்ளி வித்தியாசம், அதுவும் கார் எடுக்கும் அன்றே கையில் இருக்க வேண்டிய பணம்.

இப்போது மாதத் தவணைக்கு வருவோம். 884 என்ற எண் எப்படி வந்தது? குறிப்பில் 20 சதவீத முன்பணம், 9 ஆண்டு, 2.3 சதவீத பிளாட் வட்டி என்று இருக்கிறது. 98,800 வெள்ளியில் 20 சதவீதம் கழித்தால் கடன் 79,040. ஒன்பது ஆண்டு வட்டி அதில் 20.7 சதவீதம். மொத்தத்தை 108 மாதத்தால் வகுத்தால் 883 சொச்சம். கணக்கு சரிதான். ஆனால் 19,760 வெள்ளியை முன்பணமாக வைக்க முடிந்தவருக்கு மட்டுமே சரி.

புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஓர் ஆசிரியர், முதல் கார், 10 சதவீத முன்பணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு விலை 102,800. முன்பணம் 10,280. கடன் 92,520. அதே வட்டியில் மாதம் 1,034 வெள்ளி. புரோஷர் சொன்னதைவிட மாதம் 150 வெள்ளி கூடுதல், ஒன்பது வருடத்துக்கு. முதல் நாள் செலவு முன்பணமும் காப்புறுதியும் சேர்த்து 13,746. மொத்த வட்டி மட்டும் 19,000 வெள்ளியைத் தாண்டுகிறது. பிளாட் வட்டி என்று எழுதியிருந்தால், கடைசி மாதம் வரை முழுக் கடனுக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 2.3 சதவீதம், வீட்டுக் கடன் மாதிரி குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் ஏறக்குறைய 4.3 சதவீதம். இரண்டு வங்கிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே வகை வட்டியைச் சொல்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இலவச வீட்டுச் சார்ஜருக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கும். பொருத்தும் கூலியில் எத்தனை மீட்டர் கேபிள் அடங்கும் என்று அங்கே எழுதியிருக்கும். மீட்டர் பெட்டி வாசலில், கார் நிறுத்தும் இடம் பின்பக்கம் என்றால் கூடுதல் கேபிளுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஷோரூம் பக்கம் போங்கள்.

480 கிலோமீட்டர்: எந்தச் சாலையில்?

தூரத்தின் தலையில் உள்ள குறியின் கீழே மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும்: என்இடிசி, டபிள்யூஎல்டிபி, சிஎல்டிசி. இவை சோதனை முறைகளின் பெயர்கள். மூன்றுமே சாலையில் ஓட்டிப் பார்ப்பவை அல்ல. சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, விதித்த வேகத்தில் சக்கரத்தைச் சுழலவிட்டு அளப்பவை.

என்இடிசி மூன்றிலும் பழையது. ஒரு சுற்று 11 கிலோமீட்டர், 20 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சராசரி வேகம் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். உச்ச வேகமான 120-ல் கார் ஓடுவது 10 வினாடி மட்டும். ஏர்கோன் போடுவதில்லை. காரின் உண்மையான செலவை இது குறைத்துக் காட்டியதால், ஐரோப்பாவில் 2017-லிருந்து இதன் இடத்துக்கு டபிள்யூஎல்டிபி வந்தது. புதிய முறையில் ஒரு சுற்று அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், சராசரி 46 கிலோமீட்டருக்கு மேல், உச்சம் 131. சிஎல்டிசி சீனாவின் முறை. அதில் சராசரி வேகம் 29 கிலோமீட்டர்தான், அதனால் எண் நல்ல கொழுப்பாக வரும்.

இதன் விளைவை ஒரே காரில் பார்க்கலாம். பிஒய்டி ஆட்டோ 3-இன் பெரிய பேட்டரி ரகத்துக்கு என்இடிசி தூரம் 480 கிலோமீட்டர், டபிள்யூஎல்டிபி தூரம் 420. கார் ஒன்று, பேட்டரி ஒன்று, வித்தியாசம் 60 கிலோமீட்டர். ஆகவே ஒரு கடையில் 480 என்றும் பக்கத்துக் கடையில் 430 என்றும் பார்த்தால், முன்னது நல்ல கார் என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் இரண்டுக்கும் ஒரே சோதனையின் எண்ணைக் கேளுங்கள். நம் ஊர்ப் புரோஷரில் இல்லாவிட்டாலும் அதே கார் ஐரோப்பாவில் விற்கப்பட்டால் அங்கே டபிள்யூஎல்டிபி எண் இருக்கும்.

அதற்குப் பிறகும் உங்கள் சாலைக்கான எண்ணை நீங்கள்தான் போட வேண்டும். அதற்கு 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். 60 யூனிட்டில் 480 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 12.5 யூனிட். பிளஸ் நெடுஞ்சாலையில் 110-ல், ஏர்கோனோடு, நாலு பேரும் பெட்டியும் ஏறிய இந்த அளவுக் கார் சுமார் 18 யூனிட் குடிக்கும். காரணம் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனாலே அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது.

60-ஐ 18-ஆல் வகுத்தால் 333 கிலோமீட்டர். அதிலும் கடைசிச் சொட்டு வரை யாரும் ஓட்டமாட்டார்கள். 10 சதவீதம் மிச்சம் வைத்தால் 300. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். புரோஷரை நம்பினால் போய்ச் சேர்ந்து 130 கிலோமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். நிஜத்தில் ஈப்போவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் நடுவே எங்காவது ஒரு முறை நிறுத்தித்தான் ஆக வேண்டும். தெரிந்துகொண்டு கிளம்பினால் அது ஒரு தேத்தாரே நேரம். தெரியாமல் தீபாவளிக்கு முந்திய நாள் கிளம்பினால், ஓய்விடத்தில் சார்ஜருக்கு வரிசை நிற்கும்போதுதான் புரியும்.

ஊருக்குள் ஓட்டுகிறவருக்குக் கணக்கு வேறு. நெரிசலில் காற்று எதிர்ப்பு மிகக் குறைவு, பிரேக் அடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். ஆனால் ஏர்கோன் நேரத்துக்குத் தின்னும், தூரத்துக்கு அல்ல. அது மணிக்கு ஒன்றரை யூனிட் எடுக்கிறது என்று வைத்தால், 110-ல் ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. பாலத்துக்கு முன்னால் 20-ல் ஊர்ந்தால் அதே 100 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம், ஏழரை யூனிட். இந்த வெயிலில் ஏர்கோனை அணைக்க முடியுமா?

டெஸ்ட் டிரைவின்போது இதை நீங்களே அளக்கலாம். வண்டி எடுக்கும்முன் பயணக் கணக்கைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். ஏர்கோனை வழக்கமாக வைக்கும் குளிரில் வைத்து, ஜூருவில் நெடுஞ்சாலை ஏறி, புக்கிட் தம்புன் பக்கம் போய்த் திரும்புங்கள். திரையில் 100 கிலோமீட்டருக்கான சராசரிச் செலவு தெரியும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஓட்டம் என்பதால் துல்லியம் குறைவுதான். என்றாலும் 12.5-க்கும் 18-க்கும் உள்ள இடைவெளியைக் காட்ட அது போதும்.

வேகச் சார்ஜ் எண்ணுக்கும் இதே கவனம் தேவை. "30 நிமிடம்" என்பதன் குறிப்பில் 30-லிருந்து 80 சதவீதம் வரை என்று இருக்கும். பூஜ்யத்திலிருந்து நூறு இல்லை. 80-க்கு மேல் பேட்டரியைக் காப்பாற்ற வேகம் தானாகக் குறைந்துவிடும்.

எட்டு ஆண்டு வாரண்டி: எத்தனை ஆண்டு?

இந்தக் குறிப்பின் முழு வடிவம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும், பேட்டரியின் ஆரோக்கியம் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்.

சுங்கை பட்டாணியிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு தினமும் போய்வருகிறவர் நாளைக்கு 110 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைப்போம். மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 33,000 கிலோமீட்டர். 160,000-ஐ அவர் ஐந்தாவது ஆண்டு முடிவதற்குள் தாண்டிவிடுவார். ஒன்பது வருடக் கடனில் நான்கு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கும்போதே பேட்டரி வாரண்டி முடிந்துவிடும். மாறாக வாரக் கடைசியில் மட்டும் வண்டி எடுக்கும் ஓய்வு பெற்றவருக்கு எட்டு ஆண்டு முழுசாகக் கிடைக்கும். உங்கள் ஓடோமீட்டர் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்று போட்டுப் பார்த்து, வாரண்டி முடியும் மாதத்தையும் கடன் முடியும் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

70 சதவீதம் என்பதையும் தூரமாக மாற்றிப் பாருங்கள். 60 யூனிட்டில் 70 சதவீதம் 42 யூனிட். நெடுஞ்சாலையில் அது 233 கிலோமீட்டர். பேட்டரி 71 சதவீதத்தில் நின்றால் நிறுவனத்தின் பார்வையில் பழுது எதுவும் இல்லை, உங்களுக்கு வாரண்டியும் இல்லை. 69-க்கு இறங்கினாலும் புத்தம் புதுப் பேட்டரி தருவார்கள் என்று எண்ண வேண்டாம். குறைந்த பகுதியைச் சரிசெய்து வரம்புக்கு மேலே கொண்டுவந்தால் போதும் என்று வாரண்டி புத்தகத்தில் இருக்கலாம். அளப்பதும் அவர்களுடைய சர்வீஸ் சென்டரில், அவர்களுடைய கருவியில்தான் என்றும் இருக்கலாம். ஆகவே புரோஷரோடு நிற்காமல் வாரண்டி புத்தகத்தையே புக்கிங்குக்கு முன்னால் கேட்டு வாங்கி மூன்று இடங்களைப் படியுங்கள்.

ஒன்று, எது சேராது என்ற பட்டியல். டயர், வைப்பர், பிரேக் பேட் போன்ற தேயும் பொருள்கள் சேராது. இது எல்லாக் காருக்கும் பொது. கதவும் விளக்கும் இயங்க உதவும் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கும், நடுத் திரைக்கும், சஸ்பென்ஷனுக்கும் தனித்தனிக் காலம் இருக்கலாம். முன்பக்கத்தில் கூவும் எட்டு ஆண்டு, பெரிய பேட்டரிக்கு மட்டும்.

இரண்டு, வணிகப் பயன்பாடு. மாலையில் மட்டும் பகுதி நேரமாக இ-ஹெய்லிங் ஓட்டி மாதத் தவணையைச் சமாளிக்கலாம் என்று நம் பிள்ளைகள் பலர் திட்டமிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. பல வாரண்டிகளில் அந்தப் பயன்பாட்டுக்குக் காலம் பாதியாகும், அல்லது வாரண்டியே இருக்காது. இ-ஹெய்லிங் பெர்மிட்டும் கூடுதல் காப்புறுதியும் உங்கள் காரின் பெயரில் பதிவாகும் என்பதால் மறைக்கவும் முடியாது. ஓட்டும் எண்ணம் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, வாரண்டி என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்று, சர்வீஸ் நிபந்தனை. அங்கீகரித்த இடத்தில், குறித்த கிலோமீட்டரிலோ மாதத்திலோ, எது முதலோ அப்போது செய்ய வேண்டும். வண்டி குறைவாக ஓடுகிறது என்று மாதக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. "இலவச சர்வீஸ்" என்பதன் நட்சத்திரத்தில் கூலி மட்டும் இலவசம், பொருளுக்குக் காசு என்று இருக்கும். வாரண்டி ஓடத் தொடங்குவது கார் முதலில் பதிவான நாளிலிருந்து. ஷோரூமின் டெமோ காரை மலிவாக வாங்கினால் கொஞ்ச மாதங்கள் ஏற்கெனவே போயிருக்கும்.

கையெழுத்துக்கு முன்

புரோஷரின் அடியில் "விலையும் அம்சங்களும் முன்னறிவிப்பின்றி மாறலாம்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதனால் புரோஷரை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஆர்டர் பாரத்தில் ரகம், நிறம், உற்பத்தி ஆண்டு, ரிபேட் தொகை, அது கிடைக்க நீங்கள் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை, காப்புறுதியின் என்சிடி, சார்ஜர் பொருத்தும் செலவு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். டெலிவரிக்கு முன் விலை ஏறினால் புக்கிங் பணம் திரும்புமா என்பதும் அதிலேயே வரட்டும். வாட்ஸ்அப்பில் சொன்ன வாக்குறுதிகளையும் அழிக்காமல் வையுங்கள்.

பிறகு தகராறு வந்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் உத்தரவாதத்தை, எந்த நட்சத்திரக் குறிப்பாலும் நீக்கிவிட முடியாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில், பாரம் 1-ஐ நிரப்பி, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே கொண்டுபோகலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே உங்களிடம் கேட்பது ஆதாரத்தைத்தான்: அன்று கையில் வாங்கிய புரோஷர், அதில் நீங்கள் பேனாவால் இணைத்த குறிப்புகள், ஆர்டர் பாரம், ரசீது, தேதியோடு எடுத்த படங்கள். இவற்றை ஒரே கோப்பில் போட்டு, கார் விற்கும்வரை வீட்டில் வைத்திருங்கள்.